பேதியாகும் குழந்தை அழுகையை நிறுத்தினால்: எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே கால் வயது, எடை 9 கிலோ. போன வாரம் இரண்டு நாள் தண்ணீராகப் பேதி, இடையில் வாந்தி. டயாப்பர் ஈரமாகவே இருந்ததால் சிறுநீர் போகிறான் என்று நினைத்தேன். முதல் நாள் நச்சரித்தவன், மறுநாள் அழாமல் படுத்திருந்தான். சரியாகிறது என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் கண் சொருகியதும் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். எதைப் பார்த்து முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம்? தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது சரியா? – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பையன் தேறிவிட்டான் என்பதில் மகிழ்ச்சி. பேதியாகும் குழந்தை விஷயத்தில் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது டயாப்பரும் அமைதியும்தான். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

முதலில் டயாப்பர். பேதி தண்ணீராகப் போகும்போது அதுவும் டயாப்பரில் ஊறிவிடும், சிறுநீரா மலமா என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் பேதி தொடங்கியதுமே டயாப்பரைக் கழற்றிவிட்டு, பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டுப் படுக்க வையுங்கள். ஆண் குழந்தை சிறுநீர் போவது கண்ணுக்கே தெரியும். பெண் குழந்தை என்றால் முன்பக்கம் சுத்தமான பஞ்சை வைத்துப் பாருங்கள். கடைசியாகப் போன நேரத்தைச் சுவரில் தொங்கும் காலண்டரிலாவது குறித்து வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போவதும் தண்ணீர் குறைகிறது என்பதற்கு அடையாளம்.

அடுத்தது குழந்தையின் நடத்தை. தண்ணீர் குறையத் தொடங்கும்போது குழந்தை சிடுசிடுப்பான், எதைக் கொடுத்தாலும் சமாதானம் ஆக மாட்டான். டம்ளரைக் கண்டதும் பிடுங்கிக் குடிப்பான். "பரவாயில்லை, நன்றாகக் குடிக்கிறானே" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் உடம்பு தண்ணீருக்குத் தவிக்கிறது. கண் வழக்கத்தைவிட உள்ளே போயிருக்கும், அழுதால் கண்ணீர் வராது, நாக்கும் உதடும் காய்ந்திருக்கும். உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தைக்கு அதுவும் குழிந்திருக்கும். இதையெல்லாம் எங்களைவிடத் தாய்தான் நன்றாகக் கண்டுபிடிப்பார். முகத்தைத் தினமும் பார்ப்பவர் அவர்தானே.

இந்தக் கட்டத்தில் தண்ணீரை ஈடுகட்டாவிட்டால் அடுத்து வருவது அமைதி. அழத் தெம்பு இல்லாமல் துவண்டு கிடப்பான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்வான். டம்ளரை நீட்டினால் வாங்க மாட்டான், ஊட்டினால் கடைவாயில் வழியும். கை கால் சில்லென்று இருக்கும். பேதி நின்று, முகம் தெளிந்து, விளையாட்டுச் சாமானைத் தேடுகிறான் என்றால் அந்த அமைதி நல்லது. பேதி போய்க்கொண்டே இருக்கும்போது குழந்தை அடங்கினால் அது ஆபத்து. தூங்குகிறானா, மயங்குகிறானா என்று சந்தேகம் வந்தால் எழுப்பிப் பாருங்கள். எழுந்து சிணுங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க நாங்கள் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்குவாட்டில் மடித்துப் பிடியுங்கள். நகம் படக் கூடாது. ஒரு நொடி பிடித்துவிட்டு விடுங்கள். உடனே சமமானால் நல்லது. மெதுவாக இறங்கினால் தண்ணீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை மோசம். கொழுகொழு குழந்தைக்குத் தண்ணீர் குறைந்தும் தோல் சட்டென்று இறங்கிவிடலாம், மிகவும் மெலிந்த குழந்தைக்குக் குறையாமலே மெதுவாக இறங்கலாம். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கண், தாகம், நடத்தையோடு சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் பையனுக்கு முதல் நாளே என்ன செய்திருக்கலாம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி வரை ஓ.ஆர்.எஸ். கொடுத்திருக்கலாம். நச்சரிப்பும் தாகமும் வந்தபோது கணக்கு மாறும். கிலோவுக்கு 75 மில்லி வீதம், 9 கிலோவுக்கு சுமார் 675 மில்லி, நான்கு மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். பெரிய அளவாகத் தெரியும். ஆனால் 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டியால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி ஊட்டினால் ஏறக்குறைய முடிந்துவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். பாட்டிலில் மடமடவென்று கொடுப்பதால்தான் பெரும்பாலும் வாந்தி வருகிறது. இந்த நிலையில் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். கரைசலைத் தொடங்க மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம், போகும் வழியிலும் ஊட்டலாம். துவண்டு மயங்கிய குழந்தைக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

கலக்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கலக்க வேண்டும். அதை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு ஏறி, குழந்தையின் நிலை இன்னும் மோசமாகும். குத்துமதிப்பாகப் பாதி பாக்கெட் போடுவதும் வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மருந்துக் கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள், குளுக்கோஸ் தண்ணீர், பழச்சாறு எதுவும் இதற்கு மாற்று இல்லை. அவற்றில் உள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும். இளநீரில் சோடியம் குறைவு. கொஞ்சம் குடிக்கட்டும், ஆனால் இழந்த உப்பை அது ஈடுகட்டாது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது தவறு. வழக்கத்தைவிட அதிகத் தடவை கொடுக்க வேண்டும். குழைந்த சாதம், இட்லி, தயிர், வாழைப்பழம் என்று எப்போதும் சாப்பிடுவதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பல் முளைப்பதால்தான் பேதி என்று சொல்லிக் காத்திருப்பதும், தொக்கம் எடுக்கப் போவதும் நேரத்தைத் தின்றுவிடும். பெரியவர்கள் போடும் பேதி நிற்கும் மாத்திரையை இந்த வயதில் தொடவே கூடாது, குடல் அசைவே நின்று வயிறு உப்பிவிடும். இந்த வயதுக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், கரண்டியில் தண்ணீரோ தாய்ப்பாலோ விட்டுக் கரைத்து 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்து இலவசமாகவே கேட்டு வாங்கலாம்.

தண்ணீர் குறைந்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, குடித்ததெல்லாம் வெளியே வருவது, வயிறு உப்புவது, வலிப்பு, கடும் காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அடிக்கடி நிறையப் பேதியாகி, கொடுப்பதைவிடப் போவது அதிகம் என்று தோன்றினாலும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அண்மையில் குறித்த எடை இருந்தால், உங்கள் பையனைப் போன்ற 9 கிலோ குழந்தை அரை கிலோ குறைந்திருப்பது எடை போட்டதும் தெரிந்துவிடும். கடைசியாகச் சிறுநீர் போன நேரம், எத்தனை பேதி, எவ்வளவு கரைசல் உள்ளே போனது, வேறு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ட்ரிப்ஸ் ஏற்றுவதா, கரண்டியிலேயே சமாளிப்பதா என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது உதவும்.