விலை உயர்வை மொத்தத்தில் போடாமல் வரிவரியாகப் போடுங்கள்

கேள்வி: "சேலத்தில் 1,000 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப் போகிறோம். பொறியாளர் அளவுப் பட்டியல் போட்டு 24 லட்சம் என்கிறார். விலை உயர்வுக்கு என்று கடைசியில் 10 சதவீதம் சேர்த்திருக்கிறார். இது போதுமா?"

தொகை போதக்கூடும், ஆனால் அது வைக்கப்பட்டிருக்கும் இடம் சரியில்லை. பட்டியலின் அடியில் ஒரே வரியாக 10 சதவீதம் எழுதினால், அந்தப் பணம் எந்தப் பொருளுக்கு, எந்த மாதத்துக்கு என்பது யாருக்கும் தெரியாது. வேலை பாதி நடக்கும்போது எதற்காகச் செலவானது என்று தெரியாமலேயே அது தீர்ந்துவிடும். நான் பொறியாளர் அல்லன். சவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். கொண்டலாம்பட்டிப் பக்கம் என் மைத்துனர் கட்டிய வீட்டுக்கு, ஏறத்தாழ உங்கள் அளவுதான், முதல் செங்கல் முதல் கடைசிப் பெயிண்ட் டப்பா வரை கணக்கு வைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பொறியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய அளவுகளை நான் குறை சொல்லவில்லை, அளவுக்குப் பிறகு வரும் பணக் கணக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் "எம்20 கான்கிரீட், இத்தனை கன மீட்டர், இந்த விலை" என்ற வகையில்தான் வரிகள் இருக்கும். அந்த ஒரு விலைக்குள் சிமெண்ட், எம் சாண்ட், ஜல்லி, ஆள் கூலி, கலவை இயந்திர வாடகை எல்லாம் கலந்திருக்கின்றன. சந்தையில் கான்கிரீட் என்று எதுவும் விலை ஏறுவதில்லை; மூட்டை ஏறும், யூனிட் ஏறும், கூலி ஏறும். ஒரு கன மீட்டர் எம்20 கான்கிரீட்டுக்குச் சுமார் எட்டு மூட்டை சிமெண்ட் போகும் என்பது போன்ற கணக்குகள் பொறியாளரிடம் கட்டாயம் இருக்கும். ஆகவே முதலில் அவரிடம், அதே பட்டியலைப் பொருள்வாரியாகப் பிரித்து, இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை கிலோ கம்பி, இத்தனை யூனிட் மணல், இத்தனை ரூபாய் கூலி என்று ஒரு தாளில் கேளுங்கள். எந்தத் தேதியின் விலையை வைத்துப் போட்டார் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தேதியில்லாத விலையிலிருந்து உயர்வை அளக்க முடியாது.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. ஜனவரி விலையில் மொத்தம் 24 லட்சம்; வேலை ஏப்ரலில் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடிவதாகத் திட்டம். கம்பி 3.8 டன், கிலோ 65 ரூபாய் என்று 2.47 லட்சம். சிமெண்ட் 450 மூட்டை, 380 ரூபாய் வீதம் 1.71 லட்சம். மணல், ஜல்லி, செங்கல் சேர்ந்து 4.5 லட்சம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்டரிங் என்று கூலி 6.3 லட்சம். மின்சார, குழாய்ப் பொருள்கள் 2.2 லட்சம். மீதி 6.82 லட்சம் டைல்ஸ், கதவு, ஜன்னல், பெயிண்ட் போன்ற முடிப்பு வேலைகளுக்கு.

இனி ஒவ்வொன்றும் எப்போது வாங்கப்படும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பியில் மூன்றில் ஒரு பங்கு அஸ்திவாரத்துக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதற்கு உயர்வு வேண்டாம், மீதி 1.65 லட்சத்துக்கு மட்டும் 10 சதவீதம், அதாவது 16,500 ரூபாய். சிமெண்டைத் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கி வைக்க முடியாது, மூன்று மாதம் அடுக்கி வைத்த மூட்டையின் வலிமை குறைந்துவிடும். ஆகவே எல்லா மூட்டைக்கும் 40 ரூபாய் வீதம் 18,000. மணல், ஜல்லி, செங்கலுக்கு 8 சதவீதம், 36,000. கூலி மாதாமாதம் ஊர்ந்து ஏறாது, ஒரே தாவாகத் தாவும். தீபாவளிக்குப் பிறகு கூட்டிக் கேட்பார்கள் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்ததால், கூலியின் பிற்பாதிக்கு மட்டும் 8 சதவீதம், 25,200. மின்சாரம், குழாய்க்கு 10 சதவீதம், 22,000. செம்புக் கம்பியின் விலை எப்படி நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் வாங்கப்படும் முடிப்புப் பொருள்களுக்கு 10 சதவீதம், 68,200.

கூட்டினால் சுமார் 1.86 லட்சம் வரும். பொறியாளரின் 10 சதவீதமோ 2.4 லட்சம். அப்படியானால் அவர் கூடுதலாகத்தானே போட்டிருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். தொகையில் கூடுதல்தான். ஆனால் நம் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிப்பு வேலைக்கு என்று பெயர் எழுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூரை போடும் நேரத்தில் யார் கேட்டாலும் அதைத் தொடக்கூடாது. ஒரே வரியில் கிடக்கும் 2.4 லட்சத்துக்கு அந்தக் காவல் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அளவு கூடுவதும் விலை கூடுவதும் வேறு வேறு. சேலத்தில் பல இடங்களில் சில அடி தோண்டியதும் பாறை தட்டும். மண் தோண்டும் விலைக்குப் பாறை உடைக்க எவரும் வரமாட்டார்கள். இது விலை உயர்வு அன்று, வேலையே மாறிவிட்டது. இதற்கென்று தனியாக ஓர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். நாங்கள் மொத்தத்தில் 5 சதவீதம், 1.2 லட்சம், தனி வரியாக வைத்தோம். இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டால், பை காலியாகும்போது "விலை ஏறிவிட்டது" என்ற ஒரே காரணம்தான் காதில் விழும்.

எங்களுக்குக் கூரை கான்கிரீட்டின்போது இதுதான் நடந்தது. கம்பிக் கணக்கு 22,700 ரூபாய் மிகுந்திருந்தது. மேஸ்திரி சர்வ சாதாரணமாக, "கம்பி விலை ஏறிப்போச்சுங்க சார், நாம என்ன பண்ண முடியும்?" என்றார். விலை ஏறியது உண்மைதான். 65 ரூபாய்க் கம்பி 68 ஆகியிருந்தது. ஆனால் பட்டியலில் கூரைக்கு 1,900 கிலோ, எடை மேடைச் சீட்டுகளின்படி வந்து இறங்கியதோ 2,150 கிலோ. கூடுதலான 250 கிலோவைப் பழைய விலை 65ஆல் பெருக்கினால் 16,250. அது அளவு உயர்வு. வந்த 2,150 கிலோவை, ஏறிய 3 ரூபாயால் பெருக்கினால் 6,450. அதுதான் விலை உயர்வு. இரண்டும் சேர்ந்து சரியாக 22,700. விலையின் மேல் போடப்பட்ட பழியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அளவினால் வந்தது.

அந்த 250 கிலோ எங்கே போனது என்று தேடினோம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.67 கிலோ. கம்பி கட்டி முடித்த கூரையின் மேல், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், கம்பிகளை எண்ணிப் பார்த்ததில், போர்ட்டிகோவுக்காக வீட்டார் பின்னால் கேட்டுக்கொண்ட உத்திரத்துக்குச் சுமார் 150 கிலோ போயிருந்தது. அது நம் விருப்பம், யார் மேலும் குற்றமில்லை. மீதி 100 கிலோவில் ஒரு பகுதி, நீளக் கம்பியை வெட்டித் துண்டுகளை ஓரமாகக் குவித்து, புதுக் கம்பியை எடுத்ததால் வந்தது. மூலையில் கை நீளத் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அதற்குப் பிறகு வெட்டும் பட்டியலை முதல் நாளே எழுதி வாங்கினோம். ஆகவே 16,250ஐ அளவு ஒதுக்கீட்டில் எழுதினோம், விலை ஒதுக்கீட்டில் 6,450 மட்டும்தான் குறைந்தது. இந்தப் பிரிவினையை அடித்தளம், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் செய்தால் போதும், தினமும் வேண்டாம்.

ஏற்காட்டில் கட்டுபவர்கள் இதே பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சிறிய வண்டிகளில் குறைந்த பாரம் ஏற்றினால் ஒரு யூனிட்டின் வாடகை சேலத்து வாடகையாக இராது. பொருளின் விலையையும் வண்டி வாடகையையும் தனித்தனி வரியாக வைத்தால்தான், டீசல் ஏறும்போது எதற்கு எவ்வளவு கூட்டுவது என்று தெரியும். மழையும் கணக்கில் வரவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படி ஒரு மாதம் வேலை தள்ளிப்போனால், தள்ளிப்போன பொருள்களின் உயர்வுக் காலமும் ஒரு மாதம் நீளும்.

ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் பேசுபவர்களுக்கு இன்னொன்று. "விலை உயர்ந்தால் தனி" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் நுழைத்துவிடுகிறார்கள். குறைந்தால் என்ன என்பதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு. 2022 மே மாதத்தில் மத்திய அரசு எஃகுப் பொருள்களுக்கு ஏற்றுமதி வரி போட்ட பிறகு கம்பி விலை இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 300 ரூபாய் உள்ள மூட்டை 384இலிருந்து 354 ஆக வேண்டும், 450 மூட்டைக்கு 13,500 ரூபாய். ஆகவே ஒப்பந்தத்தில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் அடிப்படை விலையைத் தேதியோடு எழுதி, 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் நாம் கொடுப்பது, அதற்கு மேல் இறங்கினால் அவர் கழித்துக்கொள்வது என்று இரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். கடைப் பில்லும் எடை மேடைச் சீட்டும் காட்டினால்தான் வித்தியாசம் தரப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "சேலத்திலேயே இரும்பாலை இருக்கிறதே, கம்பி இங்கே மலிவாகத்தானே இருக்கும்" என்று நினைப்பவர்களுக்கு: அந்த ஆலையில் உருளுவது எவர்சில்வர் தகடு, வீட்டுக் கம்பி அன்று.