“எங்கள் பட்ஜெட் அவ்வளவுதான்”: சம்பளப் பேச்சு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நேர்காணலில் 6 முதல் 7 லட்சம் எதிர்பார்க்கிறேன் என்று சொன்னேன். பட்ஜெட் 5 தான் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

பதில்: எந்த 5 லட்சம்? நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவான சிடிசியா, நிலையான சம்பளமா, அதற்குள் வேரியபிள் பே எவ்வளவு, இப்போது நீங்கள் வாங்குவது என்ன, வேலை எந்த ஊரில் என்று எதையுமே எழுதாமல் ‘ஒப்புக்கொள்ளலாமா’ என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? இந்தப் பகுதியில் பலமுறை எழுதியதைத்தான் மீண்டும் எழுதுகிறேன்: அவர்கள் சொல்லும் தொகையின் பிரிவுகள் தெரியும் வரை சம்மதமும் சொல்ல வேண்டாம், மறுப்பும் சொல்ல வேண்டாம். “சம்பளப் பிரிவுகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு இரண்டு நாட்களில் பதில் சொல்கிறேன்” என்று மட்டும் ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டு, அந்தத் தாள் வந்தபின் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்து நாகர்கோவில் நிறுவனம் ஒன்றுக்குப் போய்வருகிறேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் நான்காண்டு அனுபவம், சிடிசி 6.6 லட்சம், முழுவதும் நிலையானது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனத்தில் தேர்வாகியுள்ளேன். 9 முதல் 10 லட்சம் கேட்டேன்; பட்ஜெட் 7.8 என்கிறார்கள். சேர்ந்தால் கழக்கூட்டத்தில் அறை எடுக்க வேண்டும். வாடகையும் சாப்பாடுமாக மாதம் 8 ஆயிரம் ஆகும். 1.2 லட்சம் கூடுகிறதே என்று வீட்டில் சொல்கிறார்கள். பிரிவுகளை இணைத்துள்ளேன்.

பதில்: பிரிவுகளை இணைத்து அனுப்பியதற்கு நன்றி. எல்லோரும் இப்படி எழுதினால் என் வேலை பாதியாகக் குறையும்.

அவர்களுடைய 7.8 லட்சத்தில் 78 ஆயிரம் வேரியபிள். அது நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் மதிப்பீட்டையும் பொறுத்து ஆண்டு முடிவில் வருவது. முழுதாக வரலாம், பாதியாக வரலாம், வராமலும் போகலாம். நிறுவனத்தின் பங்கான வருங்கால வைப்பு நிதி மாதம் 1,800 வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 ஆயிரம். பணிக்கொடைக்கு, 28 ஆயிரம் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்ற கணக்கில், 16 ஆயிரம் எழுதியிருக்கிறார்கள்; நிரந்தரப் பணியில் பொதுவாக ஐந்தாண்டுகள் முடித்தால்தான் அது கைக்கு வரும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறும் எண்ணமுள்ளவர் அதை இல்லாத பணமாகவே கருத வேண்டும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8 ஆயிரம். இவையெல்லாம் போக மீதம் 6.56 லட்சம், அதாவது மாதம் 54,700. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதியும் தொழில் வரியுமாக 2 ஆயிரம் பிடித்தால் கையில் 52,700 வரும். புதிய வருமானவரி முறையில் இந்த அளவு சம்பளத்துக்கு வரி இல்லை.

இப்போது உங்கள் கையில் வருவது என்ன? 6.6 லட்சத்தில் வைப்பு நிதியும் பணிக்கொடையும் கழித்து, மாதப் பிடித்தமும் போனால் சுமார் 50 ஆயிரம். ஆக, தாளில் ஆண்டுக்கு 1.2 லட்சம் கூடியிருக்கும் வேலையில், மாதச் சம்பளத்தில் உண்மையாகக் கூடுவது 2,700 மட்டுமே. கழக்கூட்டத்துச் செலவைக் கழித்தால் இன்றைக்கு மிஞ்சுவதைவிட 5 ஆயிரத்துக்கு மேல் குறைவாகத்தான் மிஞ்சும். உங்கள் வீட்டார் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனவே முதல் கோரிக்கை, பட்ஜெட்டைத் தொடாத கோரிக்கையாக இருக்கட்டும்: அதே 7.8 லட்சத்துக்குள் வேரியபிளை நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு மொத்தச் செலவு கூடாது என்பதால் ஹெச்.ஆர். இதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்குவது, தொகையை உயர்த்தக் கேட்பதைவிட எளிது. ஒப்புக்கொண்டால் கையில் 59 ஆயிரம் வரும். செலவு போக 51 ஆயிரம். இப்போதைய நிலையைவிட ஆயிரம்தான் அதிகம் என்பதால், இது கிடைத்தாலும் நிறுத்திவிட வேண்டாம். முழுவதும் நிலையானதாக 8.4 லட்சம் கேளுங்கள். அப்போதுதான் மாதம் 6 ஆயிரமாவது கூடுதலாக மிஞ்சும், ஊர் மாறுவதற்கும் ஒரு பொருள் இருக்கும்.

பதிலை இப்படி எழுதலாம்: “இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. தாங்கள் அனுப்பிய பிரிவுகளின்படி நிலையான மாதச் சம்பளம் 54,700 ஆகிறது. இடமாற்றச் செலவையும் கணக்கிட்டால், இது என் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாக அமைகிறது. வேரியபிள் இல்லாமல் முழுவதும் நிலையானதாக 8.4 லட்சம் தர முடிந்தால், இந்த வாரமே ஒப்புதல் தந்து ராஜினாமாக் கடிதம் கொடுக்கத் தயாராக உள்ளேன். இந்தப் பதவியின் கிரேடுக்குள் இது இயலாது என்றால், அடுத்த கிரேடில் பரிசீலிக்க முடியுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வரி முக்கியமானது. பட்ஜெட் என்று ஹெச்.ஆர். சொல்வது பெரும்பாலும் அந்தக் கிரேடுக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு. நான்காண்டு அனுபவம் பல நிறுவனங்களில் இரண்டு கிரேடுகளுக்கு நடுவில் விழும். எந்தக் கிரேடில் உங்களை வைப்பது என்ற முடிவில், உங்களைத் தேர்ந்தெடுத்த மேலாளருக்கு ஹெச்.ஆரைவிட அதிகச் செல்வாக்கு இருக்கும். கிரேடும் மாறாது என்றால், வாரத்துக்கு இரண்டு நாட்கள் மட்டும் அலுவலகம் வருவது என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். குழித்துறையில் ரயில் ஏறி இறங்கி வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றால் அந்த 8 ஆயிரமும் மிச்சம். ஜாய்னிங் போனஸ் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது ஒரு முறை வருவது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும். மாதச் சம்பளத்தின் குறைக்கு அதை ஈடாகக் கருத வேண்டாம்.

இவை எதுவும் நடக்காவிட்டால் 7.8 லட்சத்துக்கு, அந்தப் பிரிவுகளோடு, நீங்கள் போக வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து. எப்படி முடிந்தாலும் ஆஃபர் லெட்டர் கையில் வராமல் நாகர்கோவில் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

கேள்வி: வேறு நிறுவனம் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது என்று சும்மா சொல்லிப் பார்க்கலாமா? (குலசேகரம்)

பதில்: கூடாது. அந்த ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள் என்று கேட்பார்கள். அத்தோடு வேலையும் போகும், பெயரும் கெடும்.

கேள்வி: 7 லட்சம் கேட்டேன். பட்ஜெட் 6 தான், ஆனால் சேர்ந்து ஆறு மாதத்தில் வேலையைப் பார்த்து 7 ஆக்கிவிடுவோம் என்று மேலாளரே தொலைபேசியில் உறுதி சொன்னார். நல்ல மனிதராகத் தெரிகிறார். நம்பலாமா? (தக்கலை)

பதில்: அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். சொல்லும்போது மனப்பூர்வமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஏமாந்தவர்களின் கடிதங்கள் எனக்கு வருவதுபோல வேறு எதற்கும் வருவதில்லை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கு நிறைவேறாமல் போவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, நிறுவனத்தின் நடைமுறையே போதும். பெரும்பாலான நிறுவனங்களில் ஊதிய உயர்வு ஆண்டுக்கு ஒரு முறை, பல இடங்களில் ஏப்ரலில். அந்தச் சுற்றில் சேர்க்கப்பட, குறிப்பிட்ட தேதிக்கு முன் பணியில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். நீங்கள் டிசம்பரில் சேர்ந்தால் வரும் ஏப்ரலில் பெரும்பாலும் உங்கள் பெயர் பட்டியலில் இராது. ஆறு மாதம் முடியும் ஜூனில் எந்தச் சுற்றும் நடக்காது. அப்போது மேலாளர் உங்களுக்காகத் தனி அனுமதி கேட்க வேண்டும்; அதற்குள் அவர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தால், புதிதாக வந்தவருக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றி எதுவும் தெரியாது. ஹெச்.ஆர். கோப்பில் உங்கள் சம்பளம் 6 லட்சம் என்று மட்டுமே இருக்கும்.

குறை அந்த ஓராண்டோடு நிற்பதும் இல்லை. ஊதிய உயர்வு சதவீதத்தில்தான் தரப்படுகிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 7 லட்சத்தில் தொடங்கியவர் இரண்டு உயர்வுகளுக்குப் பின் ஏறக்குறைய 8.5 லட்சத்தில் இருப்பார். 6 லட்சத்தில் தொடங்கியவர் 7.25 லட்சத்தில் இருப்பார். ஒரு லட்சமாக இருந்த இடைவெளி ஒன்றேகால் லட்சமாகிவிடுகிறது. நீங்கள் அடுத்த வேலைக்குப் போகும்போது கேட்கப்படும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டிலும் அந்தக் குறைந்த தொகைதான் இருக்கும், அதன்மேல்தான் உயர்வையும் கணக்கிடுவார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் சொன்னதை நான்கு விவரங்களோடு ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில் திருத்தம், எந்தத் தொகைக்கு, எதை முடித்தால் தகுதி, யார் முடிவு செய்வார். “பணியில் சேர்ந்து ஆறு மாதங்கள் முடிந்த அடுத்த மாதம் முதல், தகுதிகாண் காலம் உறுதி செய்யப்பட்டால், நிலையான ஆண்டுச் சம்பளம் 7 லட்சமாகத் திருத்தப்படும்” என்ற ஒரு வரி போதுமானது. “திறமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று எழுதிக் கொடுத்தால் அது எந்தத் தொகைக்கும் யாரையும் கட்டுப்படுத்தாது, எழுதாததற்குச் சமம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உண்மையாகவே தர நினைக்கும் நிறுவனத்துக்கு அந்த வரியை எழுதுவதில் சிரமம் இல்லை. எழுத மறுத்தால், இந்த வேலையின் சம்பளம் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்கு இது ஏற்றதா என்று மட்டும் முடிவெடுங்கள். ஏற்றது என்றால் தாராளமாகச் சேரலாம். அந்த 7 லட்சத்தைக் கணக்கில் வைத்து வண்டிக்கடன் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கணக்குப் பிரிவு வேலை. மாதம் 24 ஆயிரம் கேட்டேன், 20,500 என்கிறார்கள். பேசினால் இன்னும் ஓர் ஆயிரம் கூட்டுவார்கள் போலிருக்கிறது. (குளச்சல்)

பதில்: அந்த ஆயிரத்துக்கு முன் ஈ.எஸ்.ஐ. வரம்பைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21 ஆயிரம் வரை இருப்பவர்களுக்கே ஈ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் அளவில், உங்களுக்கும் உங்களைச் சார்ந்துள்ள குடும்பத்தாருக்கும் சிகிச்சை கிடைக்கும். 21,500 ஆனால் அது இல்லை. வயதான பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால் 21 ஆயிரத்திலேயே நிறுத்துங்கள், அல்லது 24 ஆயிரத்தையே உறுதியாகக் கேளுங்கள். நடுவில் நிற்பதுதான் நட்டம்.

கேள்வி: பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி. 30 ஆயிரம் கேட்டதற்கு 24 ஆயிரம்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பேச இடமே இல்லை. (அகஸ்தீஸ்வரம் வட்டம்)

பதில்: தொகையில் இடமில்லை என்றால் மாதங்களில் பேசுங்கள். கோடை விடுமுறையில் முழுச் சம்பளம் உண்டா, பாதியா, இல்லையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் பாதிச் சம்பளம் என்றால் உங்கள் 24 ஆயிரம் உண்மையில் 22 ஆயிரம்தான். முனைவர் பட்ட ஆய்வுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுவார்களா, முடித்தபின் எவ்வளவு உயர்த்துவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். நாளை அதிகச் சம்பளத்துக்கு வேறிடம் கிடைக்கும்போது அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பட்ஜெட் போதாது என்று மறுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்தும் அதே பணிக்கு விளம்பரம் வருகிறது. நானே மறுபடி எழுதினால் மதிப்புக் குறையுமா? (களியக்காவிளை)

பதில்: குறையாது. அந்தத் தொகைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதையே அந்த விளம்பரம் சொல்கிறது. “பட்ஜெட்டில் மாற்றம் இருந்தால் பேச ஆர்வமாக உள்ளேன், என் எதிர்பார்ப்பு அதே தொகைதான்” என்று ஹெச்.ஆருக்கு இரண்டு வரி எழுதுங்கள். தொகையை நீங்களாகக் குறைத்து எழுத வேண்டாம்.