சிறுநீரக ஸ்லைடில் அண்மைக் குழலையும் சேய்மைக் குழலையும் பிரித்தறிவது எப்படி?

"எச்&இ சாயமிட்ட ஸ்லைடில் எல்லாக் குழல்களும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு வளையமாகத் தெரிகின்றன. எது பிராக்ஸிமல் எனும் அண்மைக் குழல், எது டிஸ்டல் எனும் சேய்மைக் குழல்?"

முதலில் குழலின் நடுத்துளையைப் பாருங்கள். அதன் ஓரம் கலைந்து, மங்கலாக இருந்தால் பிராக்ஸிமல். வெட்டி வைத்தது போலத் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்டல்.

நெஃப்ரான் என்பது ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்ணிய குழாய். வடிந்த நீரிலும் உப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பிராக்ஸிமல் பகுதியே திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அதற்குப் பரப்பு நிறைய வேண்டும். அதனால் அதன் செல்களின் உள்முகத்தில் நுண்விரலிகள் நெருக்கமாக நிற்கின்றன. பூத்துவாலையின் இழைகள் அதிக ஈரத்தை இழுப்பது போலத்தான் இதுவும். ஸ்லைடு தயாரிக்கும்போது இந்த இழைகள் குலைந்துவிடுவதால்தான் ஓரம் மங்குகிறது. பிஏஎஸ் சாயம் போட்டால் அதே ஓரம் அடர் மெஜந்தா கோடாகத் தெரியும். சந்தேகம் வந்தால் நான் நம்புவது அதைத்தான்.

அடுத்து உட்கருக்களைப் பாருங்கள். பிராக்ஸிமல் செல்கள் பெரியவை, மைட்டோகாண்ட்ரியா நிறைந்து நன்றாகச் சிவந்திருக்கும். ஒரு வெட்டு எல்லாச் செல்லின் உட்கருவையும் தொடாது, அதனால் வளையத்தில் சிலவே தெரியும். டிஸ்டல் செல்கள் சிறியவை, வெளிறியவை. உட்கருக்கள் நெருங்கி நிற்கும். அப்புறம், பிராக்ஸிமல் நீளமானது என்பதால் சிறுநீரகத்தின் வெளி அடுக்கான புறணியில் அதன் வெட்டுகளே அதிகம்.

நெஃப்ரானின் தொடக்கத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமெருலஸை ஒட்டியிருப்பதெல்லாம் பிராக்ஸிமல் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்டல் குழலும் சுற்றி வந்து தன் குளோமெருலஸையே தொடுவதால், இருக்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.