வார்ஃபரின் போடும் அம்மாவுக்குப் பூஞ்சை மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருடங்களுக்கு முன் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் தினம் 5 மி.கி. போடுகிறார், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். போன மாதம் 2.8. காலையில் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 2 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த மாத்திரை, இரவில் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 40. மெட்டோபிரோலாலும் உண்டு. இப்போது தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. தோல் டாக்டர் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. தினம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு எழுதினார். வார்ஃபரின் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். மருந்துக் கடையில் ‘இரண்டும் சேராது’ என்கிறார்கள். ஆரம்பிக்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: இன்று ஆரம்பிக்க வேண்டாம். மருந்துக் கடைக்காரர் சொன்னது நியாயமான எச்சரிக்கை. படர்தாமரை இரண்டு மூன்று நாள் காத்திருக்கும், அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளியில் தோல் மருத்துவரையும், அம்மாவின் ஐ.என்.ஆரைப் பார்க்கும் இதய மருத்துவரையும் அழைத்து, அவர் போடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். அதற்காக ஃப்ளூகோனசோல் அவருக்கு எப்போதுமே ஆகாது என்று அர்த்தமில்லை. அளவுகளை மாற்றி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கலாம். எதையும் மாற்றாமல் கொடுப்பதுதான் ஆபத்து.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. நாம் விழுங்கும் பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் அங்கே உள்ளன. அவற்றில் 2சி9, 3ஏ4 என்ற இரண்டையும் ஃப்ளூகோனசோல் தடுக்கிறது. அம்மா போடும் வார்ஃபரினும் கிளிமிபிரைடும் முக்கியமாக 2சி9 வழியாக உடைகின்றன, அடோர்வாஸ்டாடின் 3ஏ4 வழியாக. குழாயில் தண்ணீர் அதே அளவில் வந்துகொண்டிருக்க, தொட்டியின் வடிகால் பாதி அடைபட்டால் என்ன ஆகும்? அம்மா விழுங்கும் அளவு மாறாது, ரத்தத்தில் நிற்கும் அளவு ஏறிக்கொண்டே போகும். மூன்று மருந்துக்கும் காரணம் ஒன்றுதான், ஆனால் தொல்லை வெளியே தெரிய எடுக்கும் காலம் வேறு. சர்க்கரை முதல் நாளே இறங்கலாம், ஐ.என்.ஆர். சில நாட்களில் ஏறும், தசைவலி அதற்கும் பிறகு வரலாம்.

வார்ஃபரினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஒரு வார்ஃபரின் மாத்திரையில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அதில் ஒன்று மற்றதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியமானது. அந்த வீரியமான வடிவத்தை உடைப்பதுதான் 2சி9. ஃப்ளூகோனசோல் போட்டதுமே தேக்கம் தொடங்கிவிடும், ஆனால் ஐ.என்.ஆர். உடனே காட்டாது. ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் உறைகாரணிகள் தீரவேண்டும், அவற்றில் சிலவற்றுக்கு அதற்குப் பல நாட்கள் ஆகும். ஆகவே இரண்டாம் நாள் பரிசோதித்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று நிம்மதி அடைந்தால், ஏழாம் நாள் அது 5, 6 என்று நிற்கலாம். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு வழக்கமான இலக்கு 2.5 முதல் 3.5 வரை. அம்மா இப்போது அதற்குள் இருக்கிறார், மேலே ஏற இடம் அதிகமில்லை.

தினமும் ஃப்ளூகோனசோல் தேவைதான் என்று இரு மருத்துவர்களும் முடிவு செய்தால், வார்ஃபரினை ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை முன்கூட்டியே குறைப்பது வழக்கம். அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 5 என்றால் வாரத்துக்கு 35 மி.கி. அதை 25-க்குக் கொண்டுவருவதாக வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் 4 மி.கி. (ஒரு 3-ம் ஒரு 1-ம்), மூன்று நாள் 3 மி.கி. என்றால் 16-ம் 9-ம் சேர்ந்து 25 ஆகும். எந்தெந்தக் கிழமை எவ்வளவு என்று மருத்துவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மீந்திருக்கும் 5 மி.கி. அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும். இது கணக்கு எப்படிப் போகும் என்பதற்கான உதாரணம்தான். நீங்களாகக் குறைக்கவேண்டாம், ஏனென்றால் அளவுக்கு மீறிக் குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி உட்காரும்.

ஐ.என்.ஆர். பரிசோதனை, ஃப்ளூகோனசோல் தொடங்கும் நாளில் ஒன்று, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று, பிறகு மாத்திரை முடியும்வரை வாரத்துக்கு ஒன்றாவது. முதல் ரத்தத்தோடு கிரியேட்டினினும் பாருங்கள். ஃப்ளூகோனசோலின் பெரும்பகுதி உடையாமல் சிறுநீரில்தான் போகிறது, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அந்த மாத்திரையின் அளவையே பாதியாக்க வேண்டிவரும்.

ரத்தம் கசியாவிட்டாலும் ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் துலக்கும்போது நிற்காத ரத்தம், மூக்கில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, சிவந்த சிறுநீர் என்றால் அன்றே ஐ.என்.ஆர். பார்க்கவேண்டும். தார் போல் கறுத்த மலம், கடுமையான தலைவலி, விழுந்து தலையில் அடிபட்டது என்றால் முடிவுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

‘வாரம் ஒரு மாத்திரைதானே’ என்று சிலர் இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு 150 மி.கி. மாத்திரைகூடச் சிலருக்கு ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். அதன் அளவு உடலில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகிறது, ஆகவே தடுப்பு நான்கைந்து நாள் நீடிக்கும். வாரம் ஒன்று போடுபவரும் முதல் மாத்திரைக்குப் பிறகு ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும். வார்ஃபரினுக்குப் பதில் அசினோகூமரால் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்து சர்க்கரை. அம்மாவின் கூட்டு மாத்திரையில் மெட்ஃபார்மினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கல்லீரலில் உடைவதே இல்லை. கிளிமிபிரைடுதான் சிக்கல். ஃப்ளூகோனசோல் தினமும் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் மொத்த அளவு இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடும். 2 மி.கி. போட்டு 4 மி.கி.யின் வேலை நடப்பதுபோல் ஆகிவிடும். கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிகிளசைடு போடுபவர்களுக்கும் இதே கதைதான். பாதியாகக் குறைக்கச் சொன்னால் அந்தக் கூட்டு மாத்திரையை இரண்டாக உடைக்காதீர்கள். அதில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும், உடைத்தால் அது கெடும், மெட்ஃபார்மினும் பாதியாகிவிடும். கிளிமிபிரைடு 1-ம் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த அட்டை தனியாகக் கிடைக்கிறது, அதை எழுதி வாங்குவது எளிது.

முதல் வாரம் வீட்டுக் கருவியில் வெறும் வயிற்றிலும் மதிய, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். உங்கள் கேள்வியில் மெட்டோபிரோலால் என்று எழுதியது நல்லதாயிற்று. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அம்மாவுக்குக் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே கருவியை எடுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறிய பிறகு சாப்பாடு கொடுங்கள். ஏறிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, இந்த வகை மாத்திரையில் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கும். அன்றிரவு தனியே படுக்கவிடாதீர்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவது சகஜம், அதற்கு ஃப்ளூகோனசோல் எழுதுவதும் சகஜம். அந்த இரண்டோடு இது மோதாது. கூடவே கிளிமிபிரைடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கொழுப்பு மாத்திரையில் சிம்வாஸ்டாடின்தான் அதிகக் கவலைக்குரியது, அதை ஃப்ளூகோனசோல் முடியும்வரை நிறுத்திவிடுவார்கள். அடோர்வாஸ்டாடின் அந்த அளவுக்கு இல்லை, என்றாலும் 40 என்பது சிறிய அளவல்ல. அண்மையில் மாரடைப்போ ஸ்டென்டோ இல்லாதவருக்கு இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வைப்பதாலோ 10, 20 என்று குறைப்பதாலோ கெடுதல் வராது. ‘ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றிவிடலாமே, அதோடு மோதாதே’ என்று யாராவது சொல்லக்கூடும். பொதுவாக அது நல்ல யோசனைதான். அம்மாவுக்கு இப்போது வேண்டாம் என்பேன், ரோசுவாஸ்டாடின் தானும் ஐ.என்.ஆரைச் சற்று ஏற்றும். ஒரே வாரத்தில் இரண்டு புதிய மருந்து சேர்ந்தால் எதனால் ஏறியது என்று தெரியாது. தொடையிலும் தோளிலும் வலி, படியேற முடியாத சோர்வு, கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீர் வந்தால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. பரிசோதனை கேளுங்கள். அந்த வலிக்கு டைக்லோஃபினாக் போடாதீர்கள், வார்ஃபரினோடு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

இத்தனை மாற்றமும் தேவையா, வேறு வழி உண்டா என்று தோல் மருத்துவரிடம் கேட்பது நியாயமே. படர்தாமரை ஓரிரு இடத்தில்தான் என்றால் டெர்பினாஃபின் அல்லது லூலிகோனசோல் களிம்பை, தடிப்பின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை தடவி, தடிப்பு மறைந்த பிறகும் தொடர்ந்தால் போதுமானதாக இருக்கலாம். மாத்திரைதான் வேண்டும் என்றால் டெர்பினாஃபின் மாத்திரை 2சி9-ஐத் தடுப்பதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் அம்மாவுக்கு எனக்கு முதலில் தோன்றுவது அதுதான், ஐ.என்.ஆர். அப்போதும் ஒரு முறை பார்க்கவேண்டும். இட்ரகோனசோல் இந்தச் சிக்கலுக்கு மாற்று ஆகாது. கிரிசியோஃபுல்வின் எதிர்ப்பக்கம் போய் ஐ.என்.ஆரை இறக்கிவிடும், உலோக வால்வுக்கு அதுவும் ஆபத்துதான். வாய்ப்புண்ணுக்குப் போடும் மைகோனசோல் ஜெல்லையும் தவிருங்கள், அது களிம்பு மாதிரி தெரிந்தாலும் வார்ஃபரினை ஃப்ளூகோனசோல் போலவே ஏற்றும். கடையில் சொல்லி வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஏதாவது தடவிக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

ஃப்ளூகோனசோல் போட்டே ஆகவேண்டும் என்றானால், முடியும் நாளையும் தொடங்கும் நாளைப் போலவே குறித்து வையுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு நான்கைந்து நாளில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்போதும் வார்ஃபரின் 25-லேயே நின்றால் ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே போய்விடும். ஆகவே முடிந்த நான்காம் அல்லது ஐந்தாம் நாள் ஒன்று, அதற்கடுத்த வாரம் ஒன்று பார்த்து, முடிவைப் பொறுத்துப் படிப்படியாக 35-க்கு ஏற்றுவார்கள். கிளிமிபிரைடை சர்க்கரை அளவைப் பார்த்து ஏற்றலாம், அடோர்வாஸ்டாடினை ஒரு வாரம் கழித்துத் தொடங்கலாம். அந்த இரண்டு வாரத்துக்குள் திடீர் மூச்சிரைப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் கோணல், அல்லது அமைதியான அறையில் வழக்கமாகக் கேட்கும் வால்வின் ‘டிக்’ ஓசை மங்குவது என்று ஏதாவது இருந்தால் வால்வில் கட்டி உட்கார்ந்திருக்கலாம். ஐ.என்.ஆர். முடிவுக்குக் காத்திராமல் உடனே எக்கோ வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.