சன்னலோரக் குளவிக்கூடு: எப்போது ஆளை அழைக்க வேண்டும்?

கேள்வி: புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாம் மாடி வீவக வீட்டில் குடியிருக்கிறோம். சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கழிகளைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், போன மாதம் கவிழ்த்த கூஜா மாதிரி ஒரு சின்னக் கூடு இருந்தது. கழுத்து நீளமாகக் கீழே தொங்கியது. இப்போது அந்தக் கழுத்தைக் காணோம், கூடு தேங்காய் அளவுக்கு உருண்டையாகிவிட்டது. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை உள்ள குளவிகள் வந்து போகின்றன. வீட்டில் நான்கு வயதுப் பிள்ளையும் மாமியாரும் இருக்கிறார்கள். இரவில் மருந்து அடித்துவிடலாம் என்கிறார் கணவர். ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா?

பதில்: ஆம், இன்றே கூப்பிடுங்கள். அவர்கள் வந்து கூட்டை எடுக்கும் வரை அந்தச் சன்னலைத் திறக்க வேண்டாம், அந்தக் கழிகளைத் தொடவும் வேண்டாம். கணவர் சொல்லும் வழியை முற்றிலும் கைவிட்டுவிடுங்கள். நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் ஒரு விவரம், அதாவது கழுத்து மறைந்துபோனது, இந்த முடிவுக்குப் போதுமானது.

நீங்கள் பார்த்தது சிங்கப்பூரில் பரவலாகக் காணப்படும் பெருங்குளவியாகவே இருக்க வேண்டும். வெஸ்பா அஃபினிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தமிழ்நாட்டில் சில வட்டாரங்களில் கதண்டு என்று அழைக்கப்படும் குளவிகளின் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கறுப்பு உடல், வயிற்றின் முன்பகுதியைச் சுற்றி ஆரஞ்சு கலந்த அகலமான மஞ்சள் பட்டை ஆகியவை அதன் அடையாளங்கள். இந்தக் குளவியின் கூட்டைப் பெரும்பாலும் ஒற்றை ராணியே தனியாகத் தொடங்குகிறது. மரப்பட்டையையும் பழைய மரச்சட்டங்களையும் சுரண்டி, அந்த நாரை மென்று, காகிதம் போன்ற ஓடாக ராணி அதைக் கட்டுகிறது. மூடிய கண்ணாடிக்கு இப்பால் நின்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஓட்டின் மேல் வெளிர் பழுப்பும் அடர் பழுப்புமாக வளைவு வளைவான கோடுகள் தெரியும். எந்த மரத்திலிருந்து நார் கொண்டுவரப்பட்டது என்பதைப் பொறுத்துக் கோட்டின் நிறம் மாறும்.

ராணி தனியாக இருக்கும் காலத்தில், கூட்டின் வாய்ப்பகுதியில் கீழ்நோக்கி ஒரு குழாயைக் கட்டுகிறது. நீங்கள் பார்த்த கழுத்து அதுதான். இரை தேட ராணி வெளியே போகும் நேரத்தில் உள்ளே இருக்கும் முட்டைகளையும் புழுக்களையும் காக்க வேறு குளவி கிடையாது. ஆதலால் அந்தக் கட்டத்தில் கூட்டை எதிர்த்துக் காப்பதற்கான படையும் இல்லை. ஒரு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ கழிந்து முதல் வேலைக்காரக் குளவிகள் வெளிவந்ததும், அவை அந்தக் குழாயைப் பிரித்துவிட்டுக் கூட்டைப் பந்து வடிவில் பெருக்கத் தொடங்குகின்றன. பக்கவாட்டில் ஒரு வாசல் மட்டும் எஞ்சும், அங்கே காவல் குளவிகள் உட்காரும். எனவே கூஜா வடிவம் என்றால் ஒரு ராணி, பந்து வடிவம் என்றால் ஒரு காவற்படை என்று கொள்ளலாம். கூட்டின் அளவைவிட இந்த வடிவ மாற்றத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தேங்காய் அளவுள்ள கூடு இனி மிக வேகமாக வளரும், முழு வளர்ச்சி அடையும்போது அதில் பல நூறு குளவிகள் இருக்கும்.

இணையத்தில் தேடினால், குளிர்காலம் வந்ததும் கூடு தானாக அழிந்துவிடும், அதுவரை பொறுத்திருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும் அறிவுரை. கூட்டை முடித்துவைக்கும் குளிர்காலம் நமக்குக் கிடையாது. ஆகவே காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் கூடு பெருகும் வாரமே.

சன்னலோரத்தில் காணும் கூடுகள் எல்லாவற்றுக்கும் இதே பதிலை நான் சொல்லமாட்டேன். சன்னல் சட்டத்தில் களிமண் உருண்டையாகவோ மண் குழாய்களாகவோ ஒட்டியிருப்பது தனித்து வாழும் குளவியின் வேலை. உள்ளே புழுக்களுக்கு இரையை அடைத்து மூடிவிட்டு அது போய்விடும், கூட்டைக் காக்க யாரையும் துரத்தாது. அது இல்லாத நேரம் பார்த்து, உடலை வெளியே நீட்டாமல் எட்டுகிற இடத்தில் இருந்தால், நீங்களே சுரண்டி எடுத்துவிடலாம். ஓடு இல்லாமல், சிறு காம்பில் தொங்கி, கீழிருந்து பார்த்தால் அறுகோண அறைகள் வெளிப்படையாகத் தெரியும் கூடு காகிதக் குளவியுடையது. அதைத் தொட்டால் கொட்டும், தொடாமல் விட்டால் பெரும்பாலும் தன் வேலையைப் பார்க்கும். செடிகளைத் தின்னும் புழுக்களை அது வேட்டையாடுவதால், எப்போதும் மூடியே இருக்கும் சன்னலுக்கு மேலே இருந்தால் விட்டுவைக்கவே சொல்வேன். கை போகும் இடத்தில் இருந்தால் மட்டும் ஆளை வைத்து எடுத்துவிடுங்கள். ஆனால் காகித ஓட்டால் முழுவதும் மூடப்பட்டு, ஒரே வாசலோடு இருக்கும் கூடு என்றால் அது பெருங்குளவி. ஆட்கள் புழங்கும் சன்னலுக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால், வீட்டிலுள்ளவர்கள் அதைக் கையாளவே கூடாது.

வடிவத்தை அடுத்து நான் கேட்கும் கேள்வி, கூட்டுக்கு அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதுதான். பெருங்குளவிகளைச் சினமூட்டுவதில் அதிர்வுக்கு இணையானது வேறில்லை. உங்கள் வீட்டில் ஈரத்துணியின் கனத்தோடு ஒரு கழியைச் செருகும்போது, அந்த மோதல் சுவர் வழியாகக் கூட்டுக்குப் போகும். அப்போது உங்கள் முகம் கூட்டுக்கு நேராக, ஒரு கை தூரத்தில் இருக்கும், கைகள் இரண்டும் கழியைப் பிடித்திருக்கும். இதுவரை எதுவும் நடக்கவில்லை என்றால், காவல் குளவிகளின் எண்ணிக்கை இப்போதுதான் கூடிவருகிறது என்றே பொருள். ஏர்கான் வெளிப்பெட்டிக்கு அருகில் கூடு உள்ள வீடுகளிலும் இதே நிலைதான். பெட்டியின் சீரான அதிர்வுக்குக் குளவிகள் பழகிவிடக்கூடும், ஆனால் பராமரிப்புக்கு வரும் பணியாளர் அதன் மூடியைக் கழற்றும்போது அவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டுக்காரரின் கடமை.

குளவிகளின் போக்குவரத்தையும் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். ஒரே குளவி எப்போதாவது வந்து போனால் ராணி மட்டும் இருக்கிறது. ஒன்று நுழைய இன்னொன்று வெளியேறிக்கொண்டே இருந்தால் கூட்டம் நிலைபெற்றுவிட்டது. வாசலில் இருப்பவை உங்கள் அசைவுக்கேற்பத் தலையைத் திருப்பினாலோ, கண்ணாடியில் வந்து முட்டினாலோ, அது எச்சரிக்கை. அங்கிருந்து மெல்ல விலகிவிடுங்கள்.

இரவில் மருந்து அடிப்பதைப் பற்றி. குளவிகள் எல்லாம் இரவில் கூட்டுக்குள் இருக்கும் என்று உங்கள் கணவர் கருதுவது சரிதான், தொழில்முறைப் பணியாளர்களும் பெரும்பாலும் இருட்டிய பிறகே வேலை செய்கிறார்கள். ஆனால் கரப்பானுக்கு அடிக்கும் டப்பா மருந்து ஓட்டின் வெளிப்புறத்தை நனைக்குமே தவிர, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் அறைகளைச் சென்றடையாது. கலைக்கப்பட்ட குளவி அபாயத்தை மற்றவற்றுக்கு உணர்த்தும் வாசனையை வெளியிடும், மற்றவை வெளியே பாயும். இரவில் அவை வெளிச்சத்தை நோக்கியே பறக்கும், அந்த இருட்டில் வெளிச்சமாக இருப்பது உங்கள் சமையலறை. தேனீயைப் போலக் கொடுக்கை இழக்காததால் ஒரே குளவி பலமுறை கொட்டும். ஒன்பதாம் மாடிச் சன்னலில் பாதி உடல் வெளியே இருக்கும் நிலையில் கொட்டுப்பட்டவர் என்ன செய்வார் என்பதை எண்ணிப் பாருங்கள். தீ வைப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, கழியால் தள்ளிவிடுவது எல்லாம் இதைவிட மோசமானவை. தள்ளிவிட்ட கூடு கீழே நடைபாதையில் போகிறவர்கள் நடுவே விழும்.

வீவக கட்டடத்தின் வெளிச்சுவர் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருப்பதால், முதலில் உங்கள் நகர மன்றத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். தனியார் கூட்டுரிமை வீடு என்றால் நிர்வாக அலுவலகத்தைக் கேட்க வேண்டும். கூடு அருகிலுள்ள பொது மரத்தில் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் தெரிவிக்கலாம். வீட்டுக்குரிய பகுதி, உங்கள் செலவில் எடுங்கள் என்று சொல்லப்பட்டால், பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அமர்த்துங்கள். அழைக்கும்போது கூட்டின் படம், எத்தனையாவது மாடி, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்பதைச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் இரண்டைக் கேளுங்கள்: முழு உடல் பாதுகாப்பு உடையோடு வருவார்களா, மருந்திட்ட பிறகு கூட்டையும் எடுத்துச் செல்வார்களா? கூட்டை அப்படியே விட்டுப்போனால், மூடிய அறைகளில் இருக்கும் இளங்குளவிகள் பிறகு வெளிவரலாம். சன்னல் வழியே சாய்ந்து மருந்தடித்துவிட்டுப் போகிறேன் என்பவரை அனுமதிக்காதீர்கள்.

அதுவரை துணிகளை வீட்டுக்குள்ளேயே காயவையுங்கள். பொழுது சாய்ந்ததும் அந்தச் சன்னலுக்குத் திரை போடுங்கள். பிள்ளையிடம் கூட்டைக் காட்டி வேடிக்கை பார்க்க வேண்டாம், கண்ணாடியைத் தட்டிப் பழகிவிடும். ஒரு குளவி உள்ளே வந்துவிட்டால் அதை அடிக்காமல், அறை விளக்கை அணைத்து, எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

யாராவது கொட்டுப்பட்டால், முதலில் கூட்டிலிருந்து விலகி வேறு அறைக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் வலியும் வீக்கமும் மட்டும் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்தால் போதும். உடல் முழுவதும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 995ஐ அழைத்து, அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவிடலாம். முன்பே ஒவ்வாமைக்காக மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் தாமதிக்காமல் போட வேண்டும். ஒவ்வாமையே இல்லாதவரையும் இந்தப் பெருங்குளவிகள் பல இடங்களில் கொட்டியிருந்தால், அவர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதிக அளவில் ஏறிய நஞ்சு தசைகளைச் சிதைத்து, சிறுநீரகத்தை அடுத்த சில நாள்களில் பாதிக்கக்கூடும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது அதன் அறிகுறி. உங்கள் வீட்டில் மாமியாரின் வயதும் பிள்ளையின் சிற்றுடலும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

கூட்டை எடுத்த மறுநாளும் சில குளவிகள் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். அவை வேலை நடந்தபோது வெளியே தங்கிவிட்டவை. ஓரிரு நாளில் அவை கலைந்துவிடும், அதுவரை சன்னல் மூடியே இருக்கட்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை, துணி போடுவதற்கு முன், அந்தச் செருகுமிடத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மீண்டும் கழுத்தோடு ஒரு சிறு கூஜா தென்பட்டால், ராணி தனியாக இருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே நகர மன்றத்தை அழையுங்கள்.