ராஜா ஏன் பின்வாங்கினார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் புதிய சிறுகதையை வாசித்தேன். புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆடும் ஆட்டத்தில், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சிப்பாயைத் தள்ளச் சொல்கிறார்கள். அவரோ ராஜாவை ஒரு கட்டம் பின்னால் வைக்கிறார். சற்று நேரத்தில் டாக்சி ஓட்டுநர் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். பள்ளிச் சதுரங்கக் குழுவில் ஆடும் என் மகன், வெல்லும் நிலையில் யாரும் பின்வாங்கமாட்டார்கள் என்கிறான். அப்படி ஒரு நகர்வு உண்மையில் உண்டா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. உங்கள் மகனிடம் பலகையை எடுத்துவரச் சொல்லுங்கள். வெள்ளை ராஜாவை d5இலும், வெள்ளைச் சிப்பாய்களை a5, c6 ஆகிய கட்டங்களிலும் வைக்க வேண்டும். கறுப்பு ராஜா c8இல், கறுப்புச் சிப்பாய் a6இல். ஆசிரியர் வெள்ளை, நகர்த்த வேண்டியதும் அவரே. 1912இல் ஃபார்னி என்ற சதுரங்க வீரர் அலாபின் என்பவருக்கு எதிராக ஆடிய ஆட்டத்தின் வழியாக இறுதிக்கட்டப் பாடநூல்களில் இடம்பிடித்த நிலை இது.

முதலில் கூட்டம் சொன்ன வழியையே பார்ப்போம். சிப்பாயை உடனே c7க்குத் தள்ளினால் கறுப்பு ராஜா அதை எடுத்துவிடும். மிஞ்சுவது ஓரச் சிப்பாய் மட்டுமே என்பதால், a6ஐ வெள்ளை பிடித்தாலும் கறுப்பு ராஜா மூலைக்குள் போய் ஆட்டத்தைச் சமன் செய்துவிடும். ராஜாவை d6க்கு முன்னேற்றினால் கறுப்பு d8க்கு வந்து எதிரே நிற்கும். அதன்பின் சிப்பாய் c7க்குப் போய் செக் சொல்லும், கறுப்பு c8க்குத் திரும்பும், சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா c6க்கு வரும். அந்தக் கணத்தில் கறுப்புக்கு நகர ஓர் இடமும் இல்லை, ஆனால் செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது ஆட்டம் சமன். கதையில் பள்ளிச் சீருடையில் நிற்கும் பையன் ஆசிரியரின் காதில் சொல்வது இந்த வழியைத்தான்.

ஆசிரியர் தன்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்: இதே நிலையில் நகர வேண்டியவர் ஓட்டுநராக இருந்தால் என்ன ஆகும்? கறுப்பு ராஜா c7க்கு வந்தால் வெள்ளை c5இல் நின்று, அது விலகியதும் b6க்குள் புகுந்து a6ஐ எடுத்துவிடும். d8க்கோ b8க்கோ போனால் வெள்ளை d6க்கு வரும். இம்முறை கறுப்பு c8க்குத் திரும்பியதும் சிப்பாய் செக் இல்லாமல் c7ஐ அடையும், கறுப்பு ராஜா b7க்கு விலகியே ஆக வேண்டும், வெள்ளை ராஜா d7இல் ஏறிவிடும். எங்கு போனாலும் கறுப்புக்குத் தோல்வி. அப்படியானால் நிலையில் குறை ஏதும் இல்லை, நகர வேண்டியவர்தான் மாற வேண்டும்.

அதற்காகவே அவர் ராஜாவை c4க்குப் பின்னிழுக்கிறார். கறுப்பு d8க்குப் போகிறது. வெள்ளை d4. கறுப்பு c8க்குத் திரும்புகிறது. வெள்ளை மீண்டும் d5. வெள்ளை ராஜா d5, c4, d4 என்ற முக்கோணத்தைச் சுற்றிவர மூன்று நகர்வுகளை எடுத்துக்கொண்டது. கறுப்புக்கு இரண்டுதான் கிடைத்தன. காய்கள் அதே இடங்களில் நிற்கின்றன, நகர வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார். கறுப்பும் c7 வழியாக ஒரு முக்கோணம் போடலாமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும், நல்ல கேள்விதான். ஆனால் கறுப்பு c7இல் கால் வைத்தவுடன் வெள்ளை c5க்கு வந்துவிடும். அந்தக் கட்டம் கறுப்புக்குப் பயன்படாது.

இது எல்லா நிலைகளிலும் பலிக்காது. ஓட்டுநரிடம் நகரக்கூடிய இன்னொரு சிப்பாய் இருந்தால், நெருக்கடி வரும்போது அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, நகர வேண்டிய முறையை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். கதையின் நடுவில், காப்பி வரும் நேரத்தில், ராஜா பக்கத்துக் கடைசிச் சிப்பாய்களை இருவரும் வெட்டிக்கொள்ளும் வரியை நான் எழுதியது அதனால்தான். பலர் அதைச் சும்மா கடந்திருப்பார்கள். ஆட்டம் முடிவது உண்மையில் அங்கேதான்.

ஆசிரியர் இந்த நிலையை முன்பே நூலில் படித்திருந்தாரா என்று இன்னொரு நண்பரும் கேட்டிருந்தார். இல்லை என்றே வைத்துக்கொண்டு எழுதினேன். விடையை நினைவுபடுத்திக்கொள்கிறவரைவிட, எதிரே இருப்பவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரையே நான் எழுத விரும்பினேன். மாணவன் எந்த வரியில் இடறுவான் என்று முப்பது ஆண்டுகள் யோசித்த ஒருவருக்கு அது பழக்கமான வேலை. கட்டங்களின் பெயர்களைக் கதையில் தராததற்கும் காரணம் உண்டு. குறியீடு தெரியாத வாசகர் அங்கே நின்றுவிடுவார். கூட்டத்தின் ஏமாற்றமும், இரண்டு நகர்வுகள் கழித்து ஓட்டுநர் காய்மேல் வைத்த விரலை எடுப்பதும் அவருக்குப் போதும் என்று நினைத்தேன்.

மகன் கறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். முதல் நகர்வில் d8க்குப் பதிலாக b8க்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அப்போதும் d4, பிறகு d5 என்றே ஆடலாம்.