ஒரு அறைக்குக் கதவு திறந்திருக்கலாம், இன்னொன்றுக்கு ஏன் கூடாது?

கேள்வி: ஃப்ளூ நோயாளிக்கும் சின்னம்மை நோயாளிக்கும் தனி அறைதான் தருகிறார்கள். ஒன்றில் கதவு திறந்தே கிடக்கிறது, இன்னொன்றில் கதவைத் திறந்து வைத்தாலே திட்டு விழுகிறது. என்ன வித்தியாசம்?

கிருமி எந்த வழியில் போகிறது என்பதுதான் வித்தியாசம். ஃப்ளூ, கக்குவான் இருமல், மெனிஞ்சோகாக்கல் மூளைக்காய்ச்சல் எல்லாம் முக்கியமாக இருமல், தும்மல் துளிகளால் பரவுபவை. அந்தத் துளிகள் பெரும்பாலும் நோயாளியின் அருகிலேயே விழுந்துவிடும். அதனால் சாதாரணத் தனி அறையும், உள்ளே போகிறவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கும் போதும்.

காசநோய், தட்டம்மை, சின்னம்மை அப்படியல்ல. இவற்றின் நுண்துகள்கள் காற்றில் மிதந்து வராந்தா வரை போகும். இவற்றுக்கு நெகட்டிவ் பிரஷர் அறை வேண்டும். உள்ளே விடும் காற்றைவிட வெளியே இழுக்கும் காற்று அதிகமாக இருப்பதால், காற்று வராந்தாவிலிருந்து அறைக்குள் மட்டுமே போகும். புதிதாகக் கட்டும் அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் அழுத்த வித்தியாசம் போய்விடும், அறை வெறும் அறையாகிவிடும். நோயாளி உள்ளே இருக்கும் நாட்களில் தினமும் சோதிக்க வேண்டும்: மூடிய கதவின் அடி இடுக்கில் ஒரு டிஷ்யூவைப் பிடித்தால் அது உள்பக்கம் இழுபட வேண்டும். ஸ்பிளிட் ஏசி உள்ள அறை இதற்கு ஈடாகாது, அது அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது.

சின்னம்மையில் இன்னொரு சிக்கல், கொப்புள நீரைத் தொட்டாலும் ஒட்டும். ஆகவே என்95 மாஸ்க்கோடு கவுனும் கையுறையும் சேர வேண்டும். கழற்றும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கையுறையையும் கவுனையும் அறைக்குள்ளேயே கழற்றிக் கை கழுவுங்கள். என்95-ஐ வெளியே வந்து கதவை மூடிய பிறகே எடுங்கள். ஏற்கெனவே சின்னம்மை வந்தவர்களையோ தடுப்பூசி போட்டவர்களையோ இந்த நோயாளிக்குப் பொறுப்பாகப் போடுவதுதான் சரி.

சின்னம்மைக் கிருமியே மறுபடி கிளம்பி வரும் அக்கியில் ஏமாறுவது எளிது. நோய் எதிர்ப்பு நன்றாக உள்ளவருக்கு ஒரே இடத்தில் வந்து, அதை மூடி வைக்க முடிந்தால் வழக்கமான முன்னெச்சரிக்கை போதும். உடல் முழுக்கப் பரவினாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வந்தாலோ, சின்னம்மை மாதிரியே நடத்துங்கள்.

தொடுதலால் மட்டும் பரவுபவற்றுக்கு, உதாரணமாக பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியா, சொறிசிரங்கு, தனி அறையும் கவுனும் கையுறையும் போதும். சி.டிஃப் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கில் மட்டும் ஆல்கஹால் ஹேண்ட்ரப்பை நம்பாதீர்கள், அதன் ஸ்போர்கள் அதில் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

நோயாளி போனதும் நெகட்டிவ் பிரஷர் அறையை உடனே அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. 12 முறை காற்று மாறும் அறையில் 99.9 சதவீதத் துகள்கள் வெளியேற சுமார் 35 நிமிடம் ஆகும், 6 முறை மாறும் பழைய அறையில் 69 நிமிடம். அதற்குள் சுத்தம் செய்யப் போகிறவரும் என்95 போட வேண்டும். நோயாளியைத் தனிமையிலிருந்து எடுப்பது சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு. தட்டம்மையில் தடிப்பு தோன்றி 4 நாள், மெனிஞ்சோகாக்கல் என்றால் சரியான மருந்து தொடங்கி 24 மணி நேரம்.